மலேரியா பாசிட்டிவ்: சரி, எந்த மலேரியா?

காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவரிடம் "ரிப்போர்ட் என்ன ஆச்சு?" என்று கேட்டால், "மலேரியா பாசிட்டிவ்" என்பார். இல்லாவிட்டால் "எம்.பி. நெகட்டிவ், மலேரியா இல்லையாம்" என்பார். இரண்டையும் நாம் முழுப் பதிலாகவே எடுத்துக்கொள்கிறோம். பாசிட்டிவ் என்றால் எந்த வகை மலேரியா என்று யாரும் கேட்பதில்லை. நெகட்டிவ் என்றால் எந்தச் சோதனையில், எத்தனை தடவை பார்த்து நெகட்டிவ் என்றும் கேட்பதில்லை. ஆனால் டாக்டர் எழுதும் மாத்திரை, அதைச் சாப்பிடும் நாட்கள், நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற முடிவு எல்லாமே இந்தக் கேள்விகளைப் பொறுத்தவை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "கார்டு டெஸ்ட் பார்த்தாச்சு, அப்புறம் எதுக்கு ஸ்மியர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "கார்டு டெஸ்ட்டை எல்லாம் நம்ப முடியாது" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு சோதனைகளும் ஒரே பொருளைத் தேடுவதில்லை. அது புரிந்துவிட்டால் இந்தச் சண்டைக்கு வேலையில்லை.

## ரத்தத்துக்குள் நடப்பது

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. இன்னொரு உயிரின் உடலுக்குள் புகுந்து அதை உண்டு வாழ்வதால் இதை ஒட்டுண்ணி என்கிறோம். அனாபிலஸ் கொசு கடிக்கும்போது உள்ளே வரும் இந்த ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ சத்தமில்லாமல் பெருகுகிறது. அந்த நாட்களில் காய்ச்சல் கிடையாது, ரத்தத்தில் தேடினாலும் எதுவும் சிக்காது.

பிறகு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, பலவாகப் பிரிந்து, சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி, அடுத்த சிவப்பணுக்களைப் பிடிக்கிறது. கூட்டமாகச் சிவப்பணுக்கள் உடையும் நேரத்தில்தான் உடம்பு தூக்கிப்போடும் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. நம் நாட்டில் பரவலாக உள்ள இரண்டு வகைகளுக்கும் இந்தச் சுற்று சுமார் 48 மணி நேரம். அதனால்தான் மலேரியா என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் முதல் சில நாட்களுக்கு எந்த ஒழுங்கும் இல்லாமல் தினமும் காய்ச்சல் வருவதே அதிகம். முறைவைத்து வரவில்லை என்பதற்காக மலேரியாவை ஒதுக்கிவிடக் கூடாது.

மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் இனங்கள் ஐந்து என்று கணக்குச் சொல்வார்கள். இந்தியாவில் அன்றாடம் சந்திப்பது இரண்டைத்தான்: வைவாக்ஸ், ஃபால்சிபாரம். ரிப்போர்ட்டில் பி.வி., பி.எஃப். என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசுவால் சென்னையில் பல காலமாகப் பரவி வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஃபால்சிபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் "கடைசியா எந்த ஊருக்குப் போய் வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டால் அதுவும் சோதனையில் சேர்த்திதான்.

## எலியும் எலிப் புழுக்கையும்

வீட்டில் எலி இருக்கிறதா என்று இரண்டு விதத்தில் கண்டுபிடிக்கலாம். ராத்திரி விளக்கைப் போட்டு எலியையே பார்த்துவிடுவது ஒன்று. காலையில் மேடையில் கிடக்கும் புழுக்கையை வைத்து ஊகிப்பது இன்னொன்று. எலியைப் பார்த்துவிட்டால் அது சுண்டெலியா பெருச்சாளியா, ஒன்றா பத்தா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குக் கண் விழித்துக் காத்திருக்க வேண்டும். புழுக்கையை யாரும் ஒரு நொடியில் பார்த்துச் சொல்லலாம். ஒரே சிக்கல், எலியை அடித்து வெளியே போட்ட பிறகும் அலமாரிக்குப் பின்னால் பழைய புழுக்கை கிடக்கும்.

ஸ்மியர் எனப்படும் ரத்தத் தடவல் முதல் வகை. கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒட்டுண்ணியையே பார்ப்பது. கார்டு டெஸ்ட் எனப்படும் விரைவுச் சோதனை இரண்டாம் வகை. அது ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை, ஒட்டுண்ணி ரத்தத்தில் விட்டுவைத்த புரதத்தைத்தான் பிடிக்கிறது. இரண்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே வருகின்றன.

## ஸ்மியர்: ஒரே ஸ்லைடில் இரண்டு தடவல்

விரல் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிடுவார்கள். அடுத்து ஸ்லைடின் ஒரு பக்கம் மூன்று சிறு சொட்டுகளைச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அகல வட்டமாகப் பரப்புவார்கள். இது தடித்த தடவல். பக்கத்திலேயே ஒரே ஒரு சிறு சொட்டை இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் சரேலென்று இழுத்து, நாக்கு வடிவில் மெல்லிசாக விரிப்பார்கள். இது மெல்லிய தடவல். தடித்த தடவல் அளவாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: ஸ்லைடை நியூஸ்பேப்பர் மேல் வைத்தால் எழுத்து லேசாகத் தெரிய வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் ரத்தம் அதிகம்; சாயம் போடும்போது உரிந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

இரண்டு தடவல்கள் எதற்கு? தடித்த தடவலை அப்படியே காயவைத்து நீர்ச் சாயத்தில் விடுவார்கள். சிவப்பணுக்கள் எல்லாம் உடைந்து கரைந்துவிடும். அடுக்கடுக்காக இருந்த ரத்தம் கண்ணாடிபோலத் தெளிந்து, ஒட்டுண்ணிகளும் வெள்ளையணுக்களும் மட்டும் மிஞ்சும். நிறைய ரத்தத்தை ஒரே இடத்தில் தேடிவிடலாம் என்பதால், குறைந்த எண்ணிக்கையில் உள்ள ஒட்டுண்ணிகூடச் சிக்கும். மெல்லிய தடவலை முதலில் மெத்தனாலில் நனைத்து உறையவைப்பார்கள். அதில் சிவப்பணுக்கள் உடையாமல் ஒற்றை வரிசையில் நிற்கும். ஒட்டுண்ணி எந்த மாதிரிச் சிவப்பணுவுக்குள், எந்த உருவத்தில் இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். சுருக்கமாக, 'இருக்கிறதா' என்பதற்குத் தடித்தது, 'எது' என்பதற்கு மெல்லியது.

இங்கே ஒரு சின்னத் தவறு ஸ்லைடையே கெடுத்துவிடும். அவசரத்தில் தடித்த தடவலைச் சூடுகாட்டிக் காயவைத்தாலோ, மெத்தனால் அதன்மேல் வழிந்துவிட்டாலோ, சிவப்பணுக்கள் உடையாமல் உறைந்துபோகும். அப்புறம் கலங்கலைத் தவிர எதுவும் தெரியாது.

சாயம் பெரும்பாலும் கீம்சா. நம் நாட்டுக் களப்பணியில் ஜே.எஸ்.பி. சாயமும் உண்டு, ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரு இந்தியர்கள் 1944-இல் வெளியிட்ட முறை அது, நிமிடக்கணக்கில் வேலை முடிந்துவிடும். எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒட்டுண்ணியின் உடல் நீலமாகவும், உட்கரு சிவப்புப் புள்ளியாகவும் வர வேண்டும். இரண்டு நிறமும் சேர்ந்து இருந்தால்தான் ஒட்டுண்ணி. சாயத்தூள் படிந்திருந்தால் ஒரே நிறக் கறையாக, கொஞ்சம் வேறு உயரத்தில் ஃபோகஸ் ஆகும். சிவப்பணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் தட்டணுவும் ஆளை ஏமாற்றும். அனுபவமில்லாத கண்ணுக்கு அதுவும் ஒரு வளையம்தான்.

## மெல்லிய தடவலில் ஆளை அடையாளம் காண்பது

வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பக்கத்துச் சிவப்பணுக்களைவிடப் பெரிதாக உப்பியிருக்கும். சாயம் நன்றாக ஏறியிருந்தால் அதன்மேல் இளஞ்சிவப்பில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். உள்ளே ஒட்டுண்ணி கிழிந்த துணிபோலக் கோணல்மாணலாகப் பரந்து கிடக்கும். இளம் வளையம், வளர்ந்தது, பல துண்டுகளாகப் பிரிந்து உடையத் தயாரானது என எல்லா வயதும் ஒரே ஸ்லைடில் கிடைக்கும்.

ஃபால்சிபாரம் வேறு மாதிரி. சிவப்பணு உப்பாது. உள்ளே மெல்லிய, நறுக்கென்ற சின்ன வளையம். சிலவற்றில் ஒரு வளையத்துக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ஒரே சிவப்பணுவில் இரண்டு மூன்று வளையங்கள் இருப்பதும், வளையம் சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டவைத்ததுபோல இருப்பதும் இதன் பழக்கம். சில நோயாளிகளிடம் வாழைப்பழ வடிவில் ஒன்று தெரியும். அது கொசுவுக்குப் போகக் காத்திருக்கும் பாலினச் செல். அதைப் பார்த்துவிட்டால் ஃபால்சிபாரம்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

ஃபால்சிபாரம் ஸ்லைடில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும்: வளர்ந்த ஒட்டுண்ணிகளைப் பெரும்பாலும் காண முடியாது. அவை எங்கே போயின? வளர்ந்த ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்கள் மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. விரலில் எடுத்த ரத்தத்துக்கு அவை வருவதே இல்லை. ஃபால்சிபாரம் உயிருக்கு ஆபத்தாவதற்கு முக்கியக் காரணமும் இதுதான். ஸ்லைடில் கொஞ்சமாகத் தெரிந்தாலும் உடம்பில் நிறைய இருக்கலாம்.

எண்ணிக்கையும் ஸ்மியர் தரும் தகவல்தான். தடித்த தடவலில் 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிக்கும்வரை கண்ணில் பட்ட ஒட்டுண்ணிகளையும் எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8000 வெள்ளையணுக்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்குவார்கள். மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 200 வெள்ளையணுக்களுக்கு 140 ஒட்டுண்ணிகள் என்றால் 140 × 8000 ÷ 200, அதாவது மைக்ரோலிட்டருக்கு 5600. மருந்து கொடுத்தபின் இந்த எண் நாளுக்கு நாள் சரிகிறதா என்பதை வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லிவிடலாம். கார்டு டெஸ்ட்டால் இதைச் சொல்லவே முடியாது.

இதுவரை பார்த்தது: தடித்த தடவல் ஒட்டுண்ணி இருப்பதைப் பிடிக்கிறது, மெல்லியது இனத்தைச் சொல்கிறது, எண்ணிக்கை நோயின் போக்கைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நல்ல சாயமும் பழகிய கண்ணும் வேண்டும்.

## கார்டு டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது

பழகிய கண்ணுக்கு மலைக்கிராமத்தில் எங்கே போவது? அங்கேதான் கார்டு கைகொடுக்கிறது.

கார்டுக்குள் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. ஒட்டுண்ணி வெளிவிடும் புரதங்களை ஆன்டிஜென் என்றும், அவற்றைக் குறிபார்த்துப் பிடிக்கும் புரதத்தை ஆன்டிபாடி என்றும் சொல்வார்கள். பட்டையின் தொடக்கத்தில் நிறத்துகள் கட்டிய ஆன்டிபாடி காத்திருக்கும். ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பட்டை வழியே நகரும். வழியில் குறுக்கே கோடாக ஒட்டிவைத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி இந்த ஜோடியை மறித்து நிறுத்தும். நிறத்துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு தெரியும்.

நம் ஊரில் பயன்படும் கார்டுகளில் பொதுவாக மூன்று கோடுகளுக்கு இடம் உண்டு. ஒன்று பி.எஃப். கோடு, ஹெச்.ஆர்.பி.2 என்ற, ஃபால்சிபாரம் மட்டுமே தயாரிக்கும் புரதத்தைப் பிடிப்பது. அடுத்தது பி.வி. கோடு, வைவாக்ஸின் எல்.டி.ஹெச். என்ற நொதியைப் பிடிப்பது. மூன்றாவது சி. கோடு, கட்டுப்பாட்டுக் கோடு. சில கார்டுகளில் பி.வி.க்குப் பதிலாக 'பான்' என்ற கோடு இருக்கும். எந்த பிளாஸ்மோடியம் இருந்தாலும் அது தெரியும், ஆனால் எது என்று பெயர் சொல்லாது. எந்தக் கார்டு என்று பார்க்காமல் கோட்டை மட்டும் படிப்பவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

செய்முறை எளிது. ஐந்து மைக்ரோலிட்டர் ரத்தம் ஒரு குழியில், கரைசல் இன்னொரு குழியில், பெரும்பாலான கார்டுகளுக்கு 15 முதல் 20 நிமிடம் காத்திருப்பு. எளிதாக இருப்பதாலேயே அலட்சியமும் வந்துவிடுகிறது. கரைசல் தீர்ந்துபோனதென்று வேறு கம்பெனி கிட்டின் கரைசலையோ வெறும் தண்ணீரையோ விட்டால் இல்லாத கோடு வரும். காலையில் போட்ட கார்டைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தாலும் அதே கதை. கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், சரியான நேரத்துக்குள் வந்திருந்தால் அது பாசிட்டிவ்தான். "லேசாத்தான் இருக்கு" என்று தள்ளிவிடக் கூடாது.

சி. கோட்டைப் பற்றியும் தவறான நம்பிக்கை இருக்கிறது. அது வராவிட்டால் கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றில் செய்ய வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். அது வந்தால் சோதனை சரியாக நடந்தது என்று அர்த்தமா? கரைசல் கடைசிவரை ஓடியது, நிறத்துகள் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பல கார்டுகளில் ரத்தமே விடாமல் கரைசலை மட்டும் விட்டாலும் சி. கோடு அழகாக வரும். ரத்தம் போதுமான அளவு விழுந்ததா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

எலியை அடித்த பிறகும் கிடக்கும் புழுக்கை என்றேனே, அது ஹெச்.ஆர்.பி.2தான். ஒட்டுண்ணி எல்லாம் செத்து, நோயாளி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் இந்தப் புரதம் ரத்தத்தில் வாரக்கணக்கில் இருக்கும். அதனால் மருந்து முடிந்ததும் "குணமாயிடுச்சா பார்க்கலாம்" என்று இந்தக் கார்டைப் போடுவதில் பயனில்லை, பி.எஃப். கோடு வரும், வீண் பயம்தான் மிச்சம். எல்.டி.ஹெச். அப்படி இல்லை. உயிரோடு இருக்கும் ஒட்டுண்ணியே அதைத் தயாரிப்பதால் சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் வடிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் ஒன்று உண்டு. ஹெச்.ஆர்.பி.2 தயாரிக்கும் மரபணுவையே இழந்துவிட்ட ஃபால்சிபாரம் 2010-இல் பெருவின் அமேசான் பகுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் ஆப்பிரிக்காவில் எரித்ரியா போன்ற நாடுகளில் அது பெரிய தலைவலியாகவே ஆகிவிட்டது. நோயாளி ரத்தம் நிறைய ஒட்டுண்ணி இருந்தும் பி.எஃப். கோடு வராது. ஸ்மியரைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

## நெகட்டிவ் என்றால் என்ன?

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அதில் 100 ஒட்டுண்ணிகள் என்றால் 50,000 சிவப்பணுக்களுக்கு ஒன்று. ஒரு நல்ல கார்டு பிடிக்கக்கூடிய கீழ் எல்லை ஏறக்குறைய அந்த அளவுதான், அல்லது அதற்குச் சற்று மேல். கைதேர்ந்தவர் தடித்த தடவலில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் நூறு மடங்கு லென்ஸில், எண்ணெய் விட்டு, குறைந்தது 100 பார்வைப் புலங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். பார்வைப் புலம் என்பது லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம். ஐம்பது ஸ்லைடு வரிசையில் காத்திருக்கும்போது இருபது புலங்களோடு நிறுத்திவிட்டால் அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை.

காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில் ஒட்டுண்ணி குறைவாக இருக்கலாம். யாரோ ஏற்கெனவே பாதி மருந்து கொடுத்திருக்கலாம். அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை ரத்தம் பார்ப்பது வழக்கம். "குளிர் வரும்போதுதான் ரத்தம் எடுக்கணும்" என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் மலேரியா என்று நினைத்த உடனேயே, மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆக, ஒரே ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு 'இந்தச் சொட்டில், இந்த நேரத்தில் சிக்கவில்லை' என்பது மட்டுமே பொருள்.

## இனம் தெரிந்தால் மருந்து எப்படி மாறுகிறது

இரண்டு இனங்களுக்கும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

ஃபால்சிபாரத்தின் பிரச்சினை வேகம். வைவாக்ஸ் புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களையே நாடும். அவை மொத்தத்தில் கொஞ்சம்தான் என்பதால் அதன் எண்ணிக்கைக்கு ஒரு இயல்பான வரம்பு உண்டு. ஃபால்சிபாரம் வயது பார்க்காமல் எல்லாச் சிவப்பணுவிலும் நுழையும். அதோடு நுண்குழாய்களில் ஒட்டும் குணமும் சேர்ந்துகொள்வதால் ஓரிரு நாளில் நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம். மேலும், பழைய குளோரோகுயின் மாத்திரைக்கு அது பணிவதில்லை. இந்தியாவில் இந்த எதிர்ப்பு முதலில் 1973-இல் அசாமில் கண்டறியப்பட்டது. அதனால் ஆர்ட்டிமிசினின் வகை மருந்தையும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கூட்டுக்கு ஏ.சி.டி. என்று பெயர். தேசியத் திட்டத்தின்படி பெரும்பாலான மாநிலங்களில் மூன்று நாள் ஆர்ட்டிசுனேட், முதல் நாளில் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின், வடகிழக்கில் ஆர்ட்டிமீதர்-லுமிஃபான்ட்ரின். இவற்றோடு பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை. இது நோயாளிக்காகக் கொடுப்பது இல்லை. அந்த வாழைப்பழ வடிவச் செல்களைக் கொன்று, கொசு வழியாக அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பதற்கு.

வைவாக்ஸின் பிரச்சினை ஞாபகசக்தி. முதலில் கல்லீரலுக்குப் போன ஒட்டுண்ணிகளில் சில அங்கேயே உறங்கிவிடுகின்றன. ஹிப்னோசோயிட் என்பது இந்த உறக்க நிலைக்குப் பெயர். சில வாரங்களிலோ பல மாதங்கள் கழித்தோ எழுந்து ரத்தத்துக்கு வரும். புதிதாகக் கொசு கடித்திருக்கவே வேண்டாம். உறங்கும் ஒட்டுண்ணியை ஸ்மியரும் காட்டாது, கார்டும் காட்டாது. ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் மூன்று நாளில் தீர்த்துவிடும். கல்லீரலில் இருப்பதைத் தீர்க்கப் பிரைமாகுயின் 14 நாள் வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் ஐந்தாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து "மறுபடி மலேரியா வந்துடுச்சு" என்று வருகிறார்கள்.

பிரைமாகுயினில் ஓர் எச்சரிக்கை. ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்த டீபோலப் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். அதற்கு முன்கூட்டியே ரத்தச் சோதனை உண்டு. அது இல்லாத இடத்தில் சிறுநீர் நிறம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை.

நினைவு தடுமாற்றம், வலிப்பு, விடாத வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகள் இருந்தால் இந்த இனப்பிரிவினை எல்லாம் பிறகுதான். எந்த இனமாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் ஊசிவழி ஆர்ட்டிசுனேட் உடனே தொடங்கப்படும்.

## ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் கட்டட வேலை செய்யும் 60 கிலோ எடையுள்ளவர். சொந்த ஊரான ஒடிசாவுக்குப் போயிருந்தபோது காய்ச்சல் வந்தது, ஃபால்சிபாரம் என்று சொல்லி ஏ.சி.டி. கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்துச் சென்னையில் மறுபடி குளிர்காய்ச்சல். கார்டு போட்டால் சி., பி.எஃப்., பி.வி. மூன்று கோடுகளும் வருகின்றன.

கார்டை மட்டும் நம்பினால் இது இரண்டு இனமும் கலந்த தொற்று. அதற்கு மறுபடி ஏ.சி.டி.யும் 14 நாள் பிரைமாகுயினும் தர வேண்டும். இன்னும் பயப்பட வேண்டியதும் உண்டு: மூன்று வாரத்தில் ஃபால்சிபாரம் திரும்பியிருந்தால் முதல் மருந்து தோற்றுவிட்டது என்று பொருள், அப்போது வேறொரு ஏ.சி.டி.க்கு மாற வேண்டும். மூன்றாவதாக, பி.எஃப். கோடு பழைய ஹெச்.ஆர்.பி.2 மிச்சமாகவும் இருக்கலாம். கார்டு இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது.

ஸ்மியர் பார்க்கிறார்கள். தடித்த தடவலில் 200 வெள்ளையணுக்களுக்கு 140 ஒட்டுண்ணிகள். நாம் மேலே போட்ட அதே கணக்கு, 5600. மெல்லிய தடவலில் உப்பிய சிவப்பணுக்கள், பொடிப் புள்ளிகள், எல்லா வயது ஒட்டுண்ணிகளும். நறுக்கென்ற சின்ன வளையங்கள் உள்ளனவா என்று பொறுமையாகத் தேடியும் ஒன்றுகூட இல்லை. இரட்டை வளையமும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. ஆக, இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் வைவாக்ஸ். ஃபால்சிபாரத்துக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சில வாரங்களில் வைவாக்ஸ் தலைதூக்குவது அபூர்வம் ஒன்றும் இல்லை. முன்பே கல்லீரலில் உறங்கியது எழுந்திருக்கும். முதல் தடவை அவருக்குக் கிடைத்தது ஒரு வேளை பிரைமாகுயின் என்பதால் அது அவற்றைத் தொட்டிருக்காது.

ஜி6பி.டி. பார்க்கிறார்கள், இயல்பாக இருக்கிறது. டாக்டர் எழுதும் மருந்து இப்படி அமையும்: குளோரோகுயின் கிலோவுக்கு மொத்தம் 25 மில்லிகிராம், அதாவது 1500. இதை 600, 600, 300 என்று மூன்று நாளாகப் பிரித்து, 150 மில்லிகிராம் மாத்திரையில் நான்கு, நான்கு, இரண்டு. பிரைமாகுயின் கிலோவுக்கு 0.25, அதாவது தினம் 15 மில்லிகிராம், 14 நாள். இதே மனிதருக்கு ஃபால்சிபாரமாக இருந்திருந்தால் பிரைமாகுயின் ஒரே வேளையில் 45 மில்லிகிராம். ஒரே மாத்திரைதான், இனத்தைப் பொறுத்து அளவு, நாள், நோக்கம் மூன்றுமே வேறு. இதையெல்லாம் வீட்டில் கணக்குப் போட்டுச் சாப்பிட முடியாது, எடையும் வயதும் பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் மறுபடி ஸ்மியர் எடுத்து எண்ணிக்கை விழுந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அதற்குள் காய்ச்சலும் நின்றிருக்கும், அவரும் வேலைக்குக் கிளம்பியிருப்பார். மீதிப் பிரைமாகுயின் அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, அடுத்த சில மாதங்களில் எப்போது காய்ச்சல் வந்தாலும் வைவாக்ஸ் வந்ததைச் சொல்லி ஸ்மியர் கேட்கச் சொல்ல வேண்டும். ஓரிரு வாரத்துக்குள்ளேயே வந்து யாராவது கார்டு போட்டால் அந்தப் பழைய பி.எஃப். கோடு மறுபடி தெரியலாம் என்பதையும் சீட்டில் எழுதிவிடுவது நல்லது.